ஒரு மோதலா, பதினெட்டு மோதலா?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

சென்ற ஆண்டு எங்கள் துறையின் இயற்பியல் மன்றக் கூட்டத்தில் அணு உலையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். வேகமாக வரும் நியூட்ரான் எத்தனை மோதல்களில் வேகம் தணியும் என்ற கேள்வியை நானே எழுப்பி, நானே கரும்பலகையில் விடையும் எழுதினேன். ஹைட்ரஜனில் 1 மோதல். கார்பனில் 55 மோதல்கள். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அதை அப்படியே எழுதிக் கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அவர்களில் ஒருவன், "அண்ணா, நூலகப் புத்தகத்தில் ஹைட்ரஜனுக்கு 18, கார்பனுக்கு 114 என்று போட்டிருக்கிறதே?" என்று கேட்டான். "அச்சுப்பிழையாக இருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை நம்பினான். பருவத் தேர்வில் அதே கேள்வி வந்தது, 55 என்றே எழுதினான், மதிப்பெண் போயிற்று. அவன் என்னிடம் கோபிக்கவில்லை. "நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன் அண்ணா" என்று மட்டும் சொன்னான். கோபித்திருந்தால் எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திராது.

கணக்குத் தாளுடன் பேராசிரியரிடம் போனேன். அவர் வரி வரியாகப் பார்த்துவிட்டு, "கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நீ விடை கண்டது வேறு கேள்விக்கு" என்றார். அந்த 'வேறு கேள்வி' எது, உண்மையான கேள்வி எது என்பதே இக்கட்டுரை. அன்று கரும்பலகையில் நான் எழுதியதை இதன் மூலம் அழித்து எழுதுகிறேன்.

எங்கிருந்து எங்கே?

யுரேனியம் அணுக்கரு பிளவுறும்போது வெளிப்படும் நியூட்ரானின் ஆற்றல் சராசரியாக ஏறத்தாழ 20 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட். அப்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 கோடி மீட்டர். அறை வெப்பநிலையிலுள்ள பொருளோடு வெப்பச் சமநிலை அடைந்த நியூட்ரானின் ஆற்றலோ 0.025 எலக்ட்ரான் வோல்ட்; வேகம் வினாடிக்கு 2,200 மீட்டர். இதையே வெப்ப நியூட்ரான் என்கிறோம். யுரேனியம் 235 அணுக்கருவை இத்தகைய மெதுவான நியூட்ரான், வேக நியூட்ரானைக் காட்டிலும் பன்மடங்கு எளிதில் பிளக்கிறது. ஆகவேதான் நியூட்ரானின் வேகத்தைத் தணிக்க உலைக்குள் ஒரு தணிப்பான் வைக்கிறார்கள்.

இரண்டு ஆற்றல்களுக்கும் உள்ள விகிதம் 8 கோடி. அதாவது நியூட்ரானின் ஆற்றல் எட்டுக் கோடியில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆதலால் எலக்ட்ரான்கள் அதைத் தடுப்பதில்லை. அணுக்கருக்களில் மோதி மோதித்தான் அது ஆற்றலை இழக்க வேண்டும்.

ஒரு மோதலில் மிக அதிகமாக எவ்வளவு?

கோலி விளையாடியவர்களுக்கு இதன் பாதி விடை முன்பே தெரியும். நம் குண்டு, அதே எடையுள்ள இன்னொரு குண்டை நேர் நடுவில் அடித்தால், நம் குண்டு அங்கேயே நின்றுவிடும்; அடிபட்ட குண்டு அதே வேகத்தில் ஓடும். ஆற்றல் முழுவதும் கைமாறிவிட்டது. அதே குண்டைப் பெரிய கருங்கல்லில் அடித்தால், ஏறக்குறைய வந்த வேகத்திலேயே திரும்பி வரும். கல்லுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஆக, எவ்வளவு ஆற்றல் கைமாறும் என்பதைத் தீர்மானிப்பது நிறைகளின் விகிதம்.

இதை எழுத்தில் காண்போம். நியூட்ரானின் நிறையை 1 என்றும், ஓய்விலிருக்கும் அணுக்கருவின் நிறையை A என்றும் கொள்வோம். நியூட்ரான் v வேகத்தில் வந்து நேராக மோதியபின் அதன் வேகம் v₁, அணுக்கருவின் வேகம் V. உந்தம் மாறாது:

v = v₁ + A V

மீட்சி மோதலில் இயக்க ஆற்றலும் மாறாது. அதன் விளைவு, இரண்டும் நெருங்கிய வேகமும் விலகும் வேகமும் சமம் என்பது:

v = V − v₁

இவ்விரண்டையும் தீர்த்தால் கிடைப்பவை:

V = 2v / (A + 1)

v₁ = − v (A − 1) / (A + 1)

குறைக்குறி, நியூட்ரான் பின்னோக்கித் திரும்புவதைக் காட்டுகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நேர் மோதலுக்குப் பின் நியூட்ரானிடம் எஞ்சும் பங்கு

α = [(A − 1) / (A + 1)]²

ஆகவே ஒரு மோதலில் இழக்கக்கூடிய மிக அதிகப் பங்கு

1 − α = 4A / (A + 1)²

இதில் நியூட்ரானின் தொடக்க ஆற்றல் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இழக்கும் அளவு மாறலாம். இழக்கும் பங்கு மாறாது. ஹைட்ரஜனுக்கு A = 1; இழப்பு முழுவதும். கனநீரிலுள்ள டியூட்டீரியத்துக்கு A = 2; இழப்பு 8/9, அதாவது நூற்றுக்கு 89. கார்பனுக்கு A = 12; இழப்பு 48/169, அதாவது நூற்றுக்கு 28. யுரேனியத்துக்கு A = 238; இழப்பு நூற்றுக்கு ஒன்றே முக்கால்கூட இல்லை.

இந்தச் சமன்பாடு கண்டுபிடித்த துகள்

நியூட்ரான் கண்டறியப்பட்டதே இந்த 'மிக அதிக' இழப்பைக் கொண்டுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. 1932-ஆம் ஆண்டு பாரிஸில் ஐரீன் கியூரியும் பிரெடெரிக் ஜோலியோவும், பெரிலியத்திலிருந்து வரும் ஒரு கதிர் மெழுகிலிருந்து புரோட்டான்களை வெளியே தள்ளுவதைக் கண்டார்கள். அக்கதிர் காமாக் கதிர் என்றே கருதினார்கள். அப்படியானால் அதற்கு ஏறத்தாழ 5 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டியிருந்தது. அவ்வளவு ஆற்றல் அங்கே எப்படி வந்தது என்பதற்கு விளக்கமில்லை.

அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக், அது காமாக் கதிர் அன்று, மின்னூட்டமற்ற ஒரு துகள் என்று கொண்டு பார்த்தார். அத்துகளின் நிறை M. அதன் வேகம் எவ்வளவென்று தெரியாது. நேர் மோதலில் தள்ளப்பட்ட புரோட்டானே எல்லாப் புரோட்டான்களிலும் வேகமானது. அதன் வேகம் வினாடிக்கு 3.3 கோடி மீட்டர். அதே கதிர் நைட்ரஜனில் பட்டபோது மிக வேகமாகத் தள்ளப்பட்ட நைட்ரஜன் அணுக்கருவின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 47 இலட்சம் மீட்டர். நாம் மேலே கண்ட V-யின் சமன்பாட்டை இரண்டு அணுக்கருக்களுக்கும் எழுதி வகுத்தால், தெரியாத வேகம் அடிபட்டுப் போகிறது:

(M + 14) / (M + 1) = 3.3 × 10⁷ / 4.7 × 10⁶ = 7.02

இதிலிருந்து M = 1.16 என்று வருகிறது. சாட்விக் 1.15 என்று கூறி, அளவீட்டில் இருக்கக்கூடிய பிழையையும் சுட்டி, இத்துகளின் நிறை புரோட்டானின் நிறையை ஒட்டியது என்று முடிவு கட்டினார்.

அவர் நோக்கியது எல்லாப் புரோட்டான்களையும் அன்று. மிக வேகமாகச் சென்றவற்றை மட்டுமே. அவருடைய கேள்விக்கு அதுவே சரி. அவருக்கு வேண்டியது உச்ச அளவு. நான் செய்த தவறு, அந்த உச்ச அளவை அது பொருந்தாத கேள்விக்குப் பயன்படுத்தியது.

என் பிழை

கரும்பலகையில் நான் செய்த கணக்கு இதுதான். கார்பனில் ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் ஆற்றலில் 0.716 பங்கு எஞ்சுகிறது. N மோதல்களுக்குப் பின் எஞ்சுவது (0.716)ᴺ. இது எட்டுக் கோடியில் ஒன்றாக வேண்டும். 8 கோடியின் மடக்கை 7.903. அதை 2.303 ஆல் பெருக்கினால் இயல் மடக்கை 18.2. 0.716-இன் தலைகீழுக்கு இயல் மடக்கை 0.334. வகுத்தால் 54.5; அதாவது 55 மோதல்கள். ஹைட்ரஜனில் ஒரே மோதலில் எல்லாம் போய்விடும், ஆகவே 1.

"ஐம்பத்தைந்து முறையும் அந்த நியூட்ரான் நேர் நடுவில்தான் மோதும் என்று உனக்கு யார் வாக்குக் கொடுத்தது?" என்று பேராசிரியர் கேட்டார். எனக்கு விடையில்லை. 55 என்பது மிகக் குறைந்த எண்ணிக்கை. ஒவ்வொரு மோதலும் மிகச் சாதகமாக அமைந்தால் வேண்டியது அது. உலையில் உள்ள கோடானுகோடி நியூட்ரான்கள் வழக்கமாக எத்தனை முறை மோதுகின்றன என்பதே உண்மையான கேள்வி.

ஓர மோதல்கள்

கோலிக்கே திரும்புவோம். நடுவில் படாமல் ஓரத்தில் உரசிச் சென்றால் நம் குண்டு சற்றே திசை மாறும். வேகம் பெரிதும் குறையாது. எவ்வளவு ஓரம் என்பதைக் கணக்கில் கொள்ள ஒரு வழி உண்டு. இரண்டு குண்டுகளின் ஆரங்களைக் கூட்டினால் வரும் நீளம் R. நம் குண்டின் பாதை மற்றதன் மையத்திலிருந்து b தூரம் விலகியிருக்கிறது. மோதும் கணத்தில் இரு மையங்களையும் இணைக்கும் கோட்டின் வழியேயுள்ள வேகக் கூறு மட்டுமே மோதலில் பங்கு கொள்கிறது. ஆகவே ஆற்றல் இழப்பு

(1 − α) × (1 − b²/R²)

என்றாகிறது. b = 0 என்றால் நேர் மோதல், முழு இழப்பு. b = R என்றால் வெறும் உரசல், இழப்பே இல்லை. b என்பது R-இல் பாதி என்றால் இழப்பு உச்ச அளவில் முக்கால் பங்கு.

இனி, நியூட்ரான் எங்கே படும்? குறிவைத்து அடிப்பவர் அங்கே யாருமில்லை. R ஆரமுள்ள வட்டத்தின் எந்த இடத்திலும் அது படலாம். பாதி ஆரமுள்ள உள்வட்டத்தின் பரப்பு, முழு வட்டத்தின் பரப்பில் கால் பங்கு. ஆகவே உச்ச இழப்பில் முக்கால் பங்குக்கு மேல் இழப்பதற்கான வாய்ப்பும் சரியாகக் கால் பங்குதான். இவ்வாறே ஒவ்வொரு வளையமாகப் பார்த்தால், சுழியிலிருந்து உச்சம் வரை எல்லா இழப்பு அளவுகளுக்கும் சமவாய்ப்பு என்று தெரிகிறது. அணுக்கரு கோலிக்குண்டு அன்று என்பது உண்மையே. ஆனால் நாம் பேசும் ஆற்றலில், இலேசான அணுக்கருக்களில் நியூட்ரான் நிறைமையச் சட்டத்தில் எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழச் சமமாகச் சிதறுகிறது. அதன் விளைவும் இதே சமவாய்ப்புத்தான்.

அப்படியானால் சராசரி இழப்பு உச்சத்தில் பாதி. ஹைட்ரஜனில் ஆற்றல் சராசரியாகப் பாதியாகிறது; கார்பனில் நூற்றுக்கு 14 குறைகிறது. இவ்வளவு புரிந்ததும் நான் அவசரப்பட்டு அடுத்த பிழையைச் செய்தேன். 18.2-ஐ 2-இன் இயல் மடக்கையான 0.693 ஆல் வகுத்து, ஹைட்ரஜனுக்கு 26 மோதல்கள் என்றேன். புத்தகத்தில் இருப்பதோ 18.

எந்தச் சராசரி?

பேராசிரியர் ஒரு சிறு கணக்குக் கொடுத்தார். ஒரு நியூட்ரானிடம் முதல் மோதலில் 0.9 பங்கும் இரண்டாம் மோதலில் 0.1 பங்கும் எஞ்சுகிறது. இரண்டின் சராசரி 0.5. மோதலுக்குப் பாதி என்று வைத்தால் இரண்டு மோதல்களுக்குப் பின் எஞ்ச வேண்டியது 0.25. உண்மையில் எஞ்சுவதோ 0.9 × 0.1 = 0.09. கூட்டல் சராசரி நம்மை ஏமாற்றிவிட்டது. காரணம், மோதல்கள் ஆற்றலைக் கழிப்பதில்லை, பெருக்குகின்றன. பெருக்கலுக்கு உரிய சராசரி, மடக்கைகளின் சராசரி.

அவ்வாறாயின் 26 என்பது என்ன? 26 மோதல்களுக்குப் பின் எல்லா நியூட்ரான்களின் ஆற்றலையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் ஏறத்தாழ 0.03 எலக்ட்ரான் வோல்ட் வரும் என்பது இந்தக் கணக்கின்படி சரியே. ஆனால் ஒரு தெருவில் ஒரே ஒரு மிராசுதார் இருந்தால் தெருவின் சராசரி வருமானம் உயர்ந்துவிடுகிறது அல்லவா? அதைக் கொண்டு மற்ற வீடுகளை மதிப்பிட முடியாது. அதுபோல, தொடர்ந்து உரசல்களாகவே பெற்று ஆற்றலை விடாமல் வைத்திருக்கும் சில நியூட்ரான்கள் சராசரியை உயர்த்திக் காட்டுகின்றன. பெரும்பாலானவை அதற்கு முன்பே வெப்ப ஆற்றலை எட்டிவிடுகின்றன.

ஆகவே ஒரு மோதலில் ஆற்றலின் இயல் மடக்கை சராசரியாக எவ்வளவு குறைகிறது என்று காண வேண்டும். இதற்கு ξ என்ற கிரேக்க எழுத்தைக் குறியீடாக வைத்திருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு அதைக் காண தொகையீடுகூடத் தேவையில்லை. எஞ்சும் பங்கு 0 முதல் 1 வரை எதுவாகவும் சமவாய்ப்புடன் இருக்கலாம். அந்த இடைவெளியைப் பத்தாகப் பிரித்து 0.05, 0.15, 0.25 என்று 0.95 வரை பத்து எண்களை எடுத்துக் கொண்டு, மடக்கை அட்டவணையிலிருந்து ஒவ்வொன்றின் இயல் மடக்கையையும் குறைக்குறி நீக்கி எழுதினேன். 0.05-க்கு 3.00, 0.15-க்கு 1.90, இப்படியே குறைந்து 0.95-க்கு 0.05. பத்தையும் கூட்டினால் 9.66. சராசரி 0.97. இடைவெளியை மேலும் நுணுக்கமாகப் பிரித்தால் அது 1-ஐ நெருங்குகிறது. தொகையீடு தரும் விடையும் சரியாக 1.

ஆக, ஹைட்ரஜனில் ξ = 1. தேவையான மோதல்கள் 18.2 ÷ 1 = 18. புத்தகம் சொன்னது இதுவே. அச்சுப்பிழை புத்தகத்தில் இல்லை.

மற்ற அணுக்கருக்களுக்கு எஞ்சும் பங்கு α முதல் 1 வரை மட்டுமே இருக்க முடியும். அந்த இடைவெளியில் சராசரி கண்டால் வருவது

ξ = 1 + [α / (1 − α)] ln α

கார்பனுக்கு α = 121/169 = 0.716. அதன் இயல் மடக்கை −0.334. α-வை 1 − α ஆல் வகுத்தால் 2.521. இரண்டையும் பெருக்கினால் −0.842. ஒன்றோடு சேர்த்தால் ξ = 0.158. இனி 18.2-ஐ 0.158 ஆல் வகுத்தால் 115. நூல்களில் 114 என்றும் 115 என்றும் இருப்பது, தசமத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் வரும் வேறுபாடே. டியூட்டீரியத்துக்கு ξ = 0.725, மோதல்கள் 25. யுரேனியம் 238-க்கு இதே சமன்பாடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மோதல்களைக் கேட்கிறது.

இப்போது என் பழைய விடைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கார்பனில் 55-க்கும் 115-க்கும் இரு மடங்கு வேறுபாடு. ஹைட்ரஜனில் 1-க்கும் 18-க்கும் பதினெட்டு மடங்கு. உச்ச இழப்பு பெரிதாக இருக்கும் இடத்தில்தான், அதையே நம்பினால் விழும் பள்ளமும் ஆழமாக இருக்கிறது. ஹைட்ரஜனில் ஒரே மோதலில் 20 இலட்சத்திலிருந்து 0.025-க்குக் கீழே வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு? எஞ்சும் பங்கு எட்டுக் கோடியில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். எல்லாப் பங்குகளுக்கும் சமவாய்ப்பு. ஆகவே வாய்ப்பு எட்டுக் கோடியில் ஒன்று. எட்டுக் கோடி நியூட்ரான்களில் ஒன்றைப் பற்றிய விடையை நான் எல்லா நியூட்ரான்களுக்கும் உரிய விடையாகச் சொல்லிவிட்டேன்.

18 என்பதையும் கல்லில் பொறித்த எண்ணாகக் கொள்ளலாகாது. சில நியூட்ரான்களுக்கு 14 மோதல்கள் போதும். சிலவற்றுக்கு 22 வேண்டும். 18 என்பது நடுவே அமையும் எண்.

கணக்கு எங்கே நின்றுவிடுகிறது?

இதுவரை அணுக்கரு ஓய்விலிருக்கிறது, எதனோடும் கட்டப்படாமல் இருக்கிறது, மோதல் மீட்சி மோதல் என்று மூன்று எடுகோள்களை வைத்துக் கொண்டோம். நியூட்ரானின் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் முதல் இரண்டும் தளர்கின்றன. தணிப்பானின் அணுக்களும் வெப்பத்தால் அதிர்ந்து கொண்டிருக்கின்றன. அவை மூலக்கூறிலோ படிகத்திலோ பிணைக்கப்பட்டும் உள்ளன. அந்நிலையில் நியூட்ரான் சில மோதல்களில் ஆற்றலை இழக்கிறது. சிலவற்றில் பெறவும் செய்கிறது. அதனால்தான் அது 0.025-ஐ ஒட்டிய நிலையில் தங்குகிறது. நம் சமன்பாட்டை அப்படியே தொடர்ந்தால், ஆற்றல் குறைந்துகொண்டே போய்ச் சுழியை நெருங்க வேண்டும், அது நடப்பதில்லை. வெப்ப ஆற்றலோடு எண்ணிக்கையை நிறுத்திக் கொள்வதன் காரணம் இதுவே.

மூன்றாவது எடுகோள் கன அணுக்கருக்களில் மேல்முனையிலேயே தவறுகிறது. யுரேனியம் 238 அணுக்கருவின் முதல் கிளர்நிலைக்கு 45 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் போதும். 20 இலட்சத்தோடு வரும் நியூட்ரான் அதைக் கிளர்த்தி, ஒரே மோதலில் பெருமளவு ஆற்றலை விட்டுவிடலாம். அது மீட்சி மோதல் அன்று. ஆகவே யுரேனியத்துக்கான அந்த இரண்டாயிரம் வெறும் ஒப்பீட்டு எண். ஹைட்ரஜன், டியூட்டீரியம், கார்பன் ஆகியவற்றுக்கு, பிளவு நியூட்ரானின் ஆற்றலில் இந்தத் தொல்லை இல்லை.

குறைந்த எண்ணிக்கையே சிறந்ததா?

18 மோதல்களில் வேலையை முடிக்கும் ஹைட்ரஜன் இருக்க, 25 கேட்கும் டியூட்டீரியத்தை ஏன் நாடுகிறார்கள் என்று அதே இரண்டாம் ஆண்டுத் தம்பி பின்னொரு நாள் கேட்டான். இம்முறை தெரிந்துகொண்டே விடை சொன்னேன். மோதும் ஒவ்வொரு தடவையும் நியூட்ரான் சிதறித் தப்புவதோடு, அணுக்கருவால் கவரப்பட்டு மறையும் அபாயமும் உண்டு. வெப்ப நியூட்ரானைக் கவரும் குறுக்குப் பரப்பு ஹைட்ரஜனுக்கு 0.33 பார்ன், டியூட்டீரியத்துக்கு ஏறத்தாழ 0.0005 பார்ன். அறுநூறு மடங்குக்கும் மேல் குறைவு. ஏழு மோதல்கள் கூடுதலாகக் கொடுத்து, நியூட்ரான்களைப் பெருமளவு காப்பாற்றிக் கொள்ளலாம். இயற்கை யுரேனியத்தில் பிளவுறும் 235 ஆயிரத்துக்கு ஏழு அணுக்களே என்பதால், அங்கே ஒவ்வொரு நியூட்ரானும் கணக்கு. சாதாரண நீரைத் தணிப்பானாக வைத்தால் இயற்கை யுரேனியத்தில் தொடர்வினை நிலைபெறாது, கனநீரில் நிலைபெறும். 1983-ஆம் ஆண்டு கல்பாக்கத்தில் தொடர்வினை எய்திய சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை, இயற்கை யுரேனியமும் கனநீரும் கொண்டு அமைக்கப்பட்டது இதனால்தான்.

அதே கல்பாக்கத்தில் 1985-இல் தொடர்வினை எய்திய வேக ஈனுலையில் தேவை நேர்மாறானது. அங்கே நியூட்ரான் வேகமாகவே இருக்க வேண்டும். ஆகவே வெப்பத்தை எடுத்துச் செல்ல நீரை விடவில்லை. உருகிய சோடியத்தை விட்டார்கள். சோடியத்துக்கு A = 23; நேர் மோதலில்கூட இழப்பு நூற்றுக்கு 16-தான். ஒரே சமன்பாடு ஓரிடத்தில் நீர் வேண்டும் என்கிறது. இன்னோரிடத்தில் கூடாது என்கிறது.

திருத்தம்

தேர்வில் இனி இக்கேள்வி வந்தால், கேட்பது எது என்று முதலில் பாருங்கள். ஒரு மோதலில் மிக அதிக இழப்பு எவ்வளவு என்றால் 4A/(A + 1)². வெப்ப ஆற்றலை எட்டக் குறைந்தது எத்தனை மோதல்கள் என்றால் α-வைக் கொண்டு காணும் 55. சராசரியாக எத்தனை என்றால் ξ-யைக் கொண்டு காணும் 115. மூன்றும் சரியான விடைகளே, அதனதன் கேள்விக்கு.

சென்ற ஆண்டு என் பேச்சைக் குறிப்பெடுத்த நண்பர்கள், அந்தப் பக்கத்தில் ஹைட்ரஜனுக்கு நேரே 18 என்றும் கார்பனுக்கு நேரே 115 என்றும் திருத்திக் கொள்ள வேண்டுகிறேன். என்னை நம்பி மதிப்பெண் இழந்த தம்பிக்கு அதைத் திருப்பித் தர என்னால் இயலாது. ஆனால் சென்ற மாதம் மன்றக் கூட்டத்தில் இதே தலைப்பில் அவன் பேசினான். கரும்பலகையில் 18 என்று எழுதிவிட்டு, ஏன் 1 அன்று, ஏன் 26 அன்று என்று இரண்டையும் விளக்கினான். முன்வரிசையில் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்துக் கொண்டேன்.